எட்டு மணிக்கு முள் எங்கே நிற்கிறது?

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சுத்திணறலோடு இருக்கும் ஒருவரை ஆம்புலன்ஸில் படுக்கவைத்து மலை இறக்கினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். மூடுபனி கவிந்தாலோ, வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றாலோ அதற்கும் மேல். வழி நெடுக அவர் முகத்தில் மாட்டிய மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்குள் பெரிய சிலிண்டர் ஒன்று நிற்கிறது. அதன் தலையில் இருக்கும் கேஜில் முள் 40-இல் நிற்கிறது. கிளம்பலாமா?

இந்தக் கேள்வியை நோயாளி ஏறிய பிறகு கேட்பதில் பயனில்லை. அதைக் கேட்க வேண்டிய நேரம் ஷிப்ட் மாறும் நேரம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவையில் ஒரு வண்டிக்கு இரண்டு பேர்: ஓட்டுபவர் பைலட், பின்னால் நோயாளியுடன் இருப்பவர் இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர். பொதுவாகப் பன்னிரண்டு மணி நேர வேலை. காலையில் ஒரு ஜோடி இறங்கும், இன்னொரு ஜோடி ஏறும். இரவில் மறுபடியும் அப்படியே. அந்த மாற்றத்தின்போது வண்டியில் இருக்கிற ஒவ்வொன்றையும் பார்த்து, படிவத்தில் குறித்து, கையெழுத்துப் போட வேண்டும். தனியார் ஆம்புலன்ஸானாலும் மருத்துவமனையின் சொந்த வண்டியானாலும் முறை இதுதான்.

படிவம் நீளமாக இருக்கும். ஸ்ட்ரெச்சரில் தொடங்கி பஞ்சு வரைக்கும் வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் டிக் போடக் கட்டங்கள். அந்த வரிசையில் ஆக்சிஜன் என்ற ஒரு வரி மட்டும் டிக்குக்கு அடங்காது. ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா என்றால் இருக்கிறது அல்லது இல்லை. ஆக்சிஜன் இருக்கிறதா என்றால், எவ்வளவு நேரத்துக்கு இருக்கிறது என்பதுதான் பதில்.

அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் இருப்பது திரவம். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் பாதிச் சமையலில் அடுப்பு அணைந்து நம்மை ஏமாற்றுகிறது. ஆக்சிஜன் சிலிண்டரில் திரவம் கிடையாது, முழுக்க வாயுதான். பாதி செலவானால் அழுத்தமும் பாதியாகும், கால்வாசி மிஞ்சினால் முள்ளும் கால்வாசியில் நிற்கும். ஆகவே முள் காட்டும் எண்ணையும் சிலிண்டரின் கொள்ளளவையும் பெருக்கினால், உள்ளே எத்தனை லிட்டர் வாயு இருக்கிறது என்பது கிடைத்துவிடும்.

நம் நாட்டு ஆம்புலன்ஸ்களில் அதிகம் காணப்படுபவை இரண்டு அளவுகள். இடுப்புயரத்தைத் தாண்டி நிற்கும் பெரியது டி டைப். தண்ணீர் ஊற்றினால் 46.7 லிட்டர் பிடிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 7,000 லிட்டர் ஆக்சிஜன் அதில் அடங்கும். சிறியது பி டைப். பத்து லிட்டர் கொள்ளளவு, நிரப்பினால் 1,500 லிட்டர். இரண்டுக்கும் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள்.

இப்போது வால்பாறைக் கணக்கைப் போடலாம். முள் 40. நாற்பதை 46.7-ஆல் பெருக்கினால் 1,868 லிட்டர். தேவை இரண்டு மணி நேரத்துக்கு, நிமிடத்துக்கு 15 வீதம், 1,800 லிட்டர். போதும்போலத் தெரிகிறது. ஆனால் சிலிண்டரைக் கடைசி மூச்சுவரை உறிஞ்ச முடியாது. அழுத்தம் மிகவும் இறங்கியபின் ரெகுலேட்டர் கேட்ட அளவைச் சீராகக் கொடுக்காது. கேஜின் முள்ளும் அடிமட்டத்தில் அவ்வளவு நம்பகமானதல்ல. ஆகவே பத்து கிலோ அழுத்தத்தைக் கணக்கிலிருந்து முதலிலேயே கழித்துவிடுவது நல்லது. 40-இல் பத்து போக 30. அதை 46.7-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 93 நிமிடம். மலை இறங்கி ஆழியாறு பக்கம் வரும்போதோ, அதற்குச் சற்று முன்போ பின்போ, ஆக்சிஜன் தீரும். பொள்ளாச்சி இன்னும் வந்திருக்காது.

அதே 40, கோயம்புத்தூர் நகருக்குள் ஓடும் வண்டியில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இருபது நிமிட ஓட்டத்தை மூன்று நான்கு முறை தாங்கும். கேஜின் வட்டத்தில் சிவப்புக் கோடு எல்லா ஊருக்கும் ஒரே இடத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. வண்டி நிற்கும் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் ஊருக்கேற்ற ஒரு எண்ணைக் கணக்கிட்டு, 'முள் இதற்குக் கீழே இறங்கினால் மாற்று' என்று சிலிண்டருக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. வால்பாறை வண்டிக்கு அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. பொள்ளாச்சியோடு நிற்காமல் கோயம்புத்தூர் வரை போக வேண்டி வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி என்று வைத்தால் 3,600 லிட்டர். அதை 46.7-ஆல் வகுத்துப் பத்தைக் கூட்டினால் 87. பாதிக்கு மேல் நிரம்பிய சிலிண்டரைக்கூட அந்த வண்டி மாற்றத்தான் வேண்டும்.

வாசலில் காத்திருக்கும் நேரம் என்பதைச் சும்மா சேர்க்கவில்லை. 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் முன்னால் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. படுக்கை கிடைக்கும்வரை நோயாளிகள் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜனில் இருந்தார்கள். ஓடும் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்த நாட்களில் அது எதற்கும் உதவியிருக்காது.

எண்ணை எழுதும்போது அலகையும் எழுத வேண்டும். பல கேஜ்களில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று. ஒன்றில் 150 என்பது இன்னொன்றில் பி.எஸ்.ஐ. கணக்கில் 2,100-க்கு மேல் இருக்கும். ஒருவர் ஒரு வட்டத்தையும் அடுத்தவர் இன்னொரு வட்டத்தையும் படித்து எழுதினால் அந்தப் பதிவேட்டிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இதுவரை சொன்னது முள் உண்மை சொல்கிறது என்ற நம்பிக்கையில். முள் பொய்யும் சொல்லும்.

சிலிண்டரின் வால்வை மூடிவிட்டாலும், வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே சிக்கிய கொஞ்சம் வாயு அங்கேயே நிற்கும். முள் அந்த அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். நேற்று மாலை வால்வைத் திறந்து 120 என்று பார்த்து மூடினார்கள். இன்று காலை எட்டிப் பார்த்தாலும் 120. ஆனால் வால்வு மூடியிருக்கிறது. மாஸ்க்கை மாட்டிக் குமிழைத் திருகினால் சில வினாடிகள் காற்று வரும், பிறகு நின்றுவிடும். இன்னொரு விதமும் உண்டு. வால்வை அரைகுறையாக, கால் திருப்பு மட்டும் திறந்திருப்பார்கள். ஒன்றும் ஓடாதபோது முள் கம்பீரமாக முழு அழுத்தத்தைக் காட்டும். நிமிடத்துக்கு 15 லிட்டர் கேட்டவுடன் சரியும்.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் பிழையல்ல. இங்கிலாந்தின் அரசுச் சுகாதார சேவை 2018 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மூன்றாண்டு காலத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சரியாகத் திறக்காத சம்பவங்கள் 400-க்கும் மேல் பதிவாகியிருந்தன. அவற்றில் ஆறு நோயாளிகள் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மிக மோசமான நிலையில் இருந்தவர்கள், ஆக்சிஜன் தடையின்றிக் கிடைத்திருந்தாலும் பிழைத்திருப்பார்களா என்பது தெரியாது என்றும் அதே எச்சரிக்கை சொன்னது. சிலிண்டர்கள் காலியாகி நடந்ததல்ல இது. உள்ளே வாயு இருந்தது, திறந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அளவுக் குமிழைத் திருகினார்கள். வால்வும் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆகவே ஷிப்ட் மாறும்போது கேஜை எட்டிப் பார்த்து எழுதினால் அதைச் சோதனை என்று சொல்ல முடியாது. முறை இப்படி இருக்க வேண்டும். முதலில் வால்வை மூடு. அளவுக் குமிழைத் திறந்து, நடுவில் சிக்கிய வாயுவை வெளியே விடு. முள் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பார். இறங்காமல் 10-இலோ 15-இலோ ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கேஜே பழுது, அது காட்டும் எல்லா எண்ணிலும் அந்தப் பிழை இருக்கும். பிறகு குமிழை மூடி, வால்வை மெதுவாகத் திற. முள் எழுந்து நிற்கும் எண்தான் எழுத வேண்டிய எண். அதோடு விடாமல், குமிழை 10 அல்லது 15 லிட்டருக்குத் திருகி ஓடவிட்டுப் பார். முள் அசையாமல் நின்றால் வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது. ஓட ஆரம்பித்ததும் முள் சரிந்தால் வால்வில் ஏதோ கோளாறு. கடைசியாக ஓட்டத்தை நிறுத்தி, வால்வையும் மூடி, முள்ளை அப்படியே விட்டுவிட்டு மற்ற சாமான்களைப் பார்க்கப் போகலாம். பத்து நிமிடம் கழித்து வந்து பார்க்கும்போது முள் நின்ற இடத்திலேயே நின்றால் கசிவு இல்லை.

இந்தக் கடைசிப் படிக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. 7,000 லிட்டர் பிடிக்கும் சிலிண்டரில் ஒரு சிறு கசிவு முள்ளில் தெரிய அரை நாள்கூட ஆகலாம். வால்வை மூடிவிட்டால் முள் அளப்பது ரெகுலேட்டருக்குள் அடைபட்ட மிகச் சிறிய இடத்தின் அழுத்தத்தை மட்டும். அதே கசிவு அங்கே சில நிமிடங்களில் முள்ளை இறக்கிவிடும். முள் இறங்கினால், இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழும் இடம் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் குற்றவாளி சிலிண்டர் வாயில் இருக்கும் வாஷர். தேய்ந்திருக்கும், அல்லது போன முறை மாற்றும்போது கீழே விழுந்து யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வால்வை மெதுவாகத் திறக்கச் சொன்னது ஒரு காரணத்தோடுதான். 150 கிலோ அழுத்த ஆக்சிஜனைச் சட்டென்று ஒரு சின்ன இடத்துக்குள் பாயவிட்டால் அந்த அமுக்கத்தில் அங்கே வெப்பம் கடுமையாக ஏறும். அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் தீப்பிடிக்கும். காற்றில் எரியத் தயங்கும் பொருள்கூட தூய ஆக்சிஜனில் தயங்காது. வால்வு இறுகிக் கிடக்கிறது என்று அதில் எண்ணெய் விடும் பழக்கம் மற்ற இயந்திரங்களுக்குச் சரி, இங்கே கொலைக்குச் சமம். வண்டியின் பானெட்டைத் திறந்து என்ஜின் ஆயில் பார்த்த கையோடு சிலிண்டரைத் தொடக்கூடாது. சானிடைசர் தடவினால் கை உலர்ந்த பிறகுதான் தொட வேண்டும். பைலட் என்ஜின் பக்கமும் இ.எம்.டி. பின்பக்கமும் பார்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொள்வதில் இந்த நன்மையும் இருக்கிறது.

சிலிண்டரில் இருப்பது நோயாளியின் மூக்கை எட்டுகிறதா என்பது அடுத்த கேள்வி. நடுவில் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. செங்குத்தான கண்ணாடிக் குழலுக்குள் ஒரு சிறு குண்டு மிதக்கும். குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுவே அளவு. குழல் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும். கையில் எடுத்துச் செல்லும் சிறிய சிலிண்டரில் குண்டுக்குப் பதில் வட்டக் கேஜ் வைத்த வகையும் உண்டு. அது எந்தக் கோணத்திலும் வேலை செய்யும், ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது: குழாய் மடங்கி அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுக் காற்றும் போகாதபோதும் 10 லிட்டர் போகிறது என்றே காட்டும். ஏனென்றால் அது அளப்பது உண்மையில் அழுத்தத்தைத்தான்.

அதனால் கடைசிச் சாட்சி மாஸ்க்தான். பை வைத்த மாஸ்க்கை இணைத்து ஓடவிட்டால் பை உப்ப வேண்டும். ஈரப்பதம் சேர்க்கும் குப்பியில் தண்ணீர் இருந்தால் குமிழி விட வேண்டும். குமிழி வந்தும் மாஸ்க்கில் காற்று வராவிட்டால் குப்பியின் மூடி மரை மாறி ஏறியிருக்கும். குழாயை ஒரு வினாடி மடித்துப் பிடித்தால் நல்ல குப்பியில் குமிழி நிற்கும், அல்லது அதன் பாதுகாப்பு வால்வு சீறும். இரண்டும் இல்லாமல் குமிழி தொடர்ந்து வந்தால் காற்று வேறு வழியாக வெளியேறுகிறது. நேற்றுப் போட்ட தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக விட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

மற்ற சாமான்களைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: இருக்கிறதா என்று பார்க்காமல், வேலை செய்யவிட்டுப் பார்க்க வேண்டும். அம்பு பேக்கின் வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்கினால் எதிர்த்து நிற்க வேண்டும். காற்று எளிதாக நழுவினால் வால்வு கெட்டிருக்கிறது. சக்‌ஷன் மெஷினின் சத்தம் வருவதால் உறிஞ்சுகிறது என்று பொருளல்ல. குழாய் நுனியைக் கட்டைவிரலால் அடைத்தால் நான்கு வினாடிக்குள் 300 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்ட வேண்டும், அதுவும் வண்டியின் மின்சாரத்தில் இல்லாமல் தன் பேட்டரியில். பிரசவக் கிட்டின் முத்திரை உடைந்திருந்தால் உள்ளே என்ன குறைகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கான சின்ன மாஸ்க் காணாமல் போவது வழக்கம். சிலிண்டரைத் திறக்கும் சாவி அதைவிட அதிகமாகக் காணாமல் போகும். சங்கிலி போட்டுக் கட்டிவைத்தவர்கள் புத்திசாலிகள்.

இனி பதிவேடு. நாள்தோறும் இரண்டு முறை டிக் விழும் புத்தகத்தை ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் என்ன தெரியும்? டிக் போட்டார்கள் என்பது தெரியும். அதுவே எண்களாக இருந்தால் அந்தப் புத்தகம் பேச ஆரம்பிக்கும்.

ஒரு வண்டியின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை 110. செவ்வாய் காலை 96. புதன் காலை 83. இந்த இரண்டு நாட்களில் ஆக்சிஜன் கொடுத்த நோயாளி ஒருவரும் இல்லை. ஒரு கால் முறிவு, ஒரு பிரசவ வலி, ஒரு வயிற்றுவலி. பிறகு எங்கே போனது? முதல் நாளில் 14 கிலோ இறங்கியிருக்கிறது. அதை 46.7-ஆல் பெருக்கினால் 650 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு நாளின் 1,440 நிமிடங்களுக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு. வண்டி ஓடும் சத்தத்தில் காதுக்குக் கேட்கவே கேட்காத கசிவு அது. ஒவ்வொரு ஷிப்டிலும் வந்தவர்கள் தனித்தனியாகப் பார்த்தால் 96-உம் நல்ல எண், 83-உம் நல்ல எண். மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதால்தான் கசிவு தெரிந்தது. ஓட்டம் இல்லாத நேரத்திலும் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்பதும் கூடவே தெரிந்தது. மூடியிருந்தால் ரெகுலேட்டர் பக்கத்துக் கசிவு சிலிண்டரைத் தொட்டிருக்காது.

காலையைக் காலையோடுதான் ஒப்பிட வேண்டும். வெயிலில் நின்ற வண்டிக்குள் மாலையில் 40 டிகிரி, விடியற்காலையில் 25 டிகிரி என்றால், ஒரு லிட்டரும் செலவாகாமலே 110 காட்டிய முள் 105 அளவுக்கு இறங்கும். சூடு குறைந்தால் வாயுவின் அழுத்தம் குறையும், அவ்வளவுதான். இது தெரியாமல் இரவுப் பணியாளரிடம் சண்டைக்குப் போனால் வீண் மனஸ்தாபம்.

இதே பக்கம் இன்னொன்றையும் காட்டும். ஐந்து நாட்களாகக் காலையும் இரவும் 120, 120, 120 என்று இருந்து, இடையில் இரண்டு மூச்சுத்திணறல் நோயாளிகளை ஏற்றியிருந்தால், யாரும் வால்வைத் திறக்கவில்லை என்று பொருள். மேலே இருந்த எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். டிக் போட்டுப் பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது. எண் போட்டுச் சொல்லும் பொய் கொஞ்ச நாளில் மாட்டிக்கொள்ளும். கூடவே சிலிண்டரில் பொறித்த எண்ணையும் எழுதிவைத்தால் இன்னும் நல்லது. சிறிய சிலிண்டர் ஸ்ட்ரெச்சரோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் போகும், திரும்பும்போது வேறு சிலிண்டராகத் திரும்பும். அந்த அவசரத்தில் யார் பார்த்தார்கள்? காலையில் 130 காட்டிய சிலிண்டர் அங்கே தங்கிவிட, 15 காட்டும் சிலிண்டர் வண்டியில் ஏறியிருக்கும்.

ஏன் பார்க்காமல் எழுதுகிறார்கள் என்று கேட்டால் சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவர் 40 என்று உண்மையை எழுதினால் அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தது அது. டி டைப் சிலிண்டரில் நிறைந்திருக்கும் ஆக்சிஜன் ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல்தான் எடை, ஆனால் இரும்போடு சேர்த்து ஒருவரால் தூக்க முடியாத கனம். மாற்று சிலிண்டர் இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அதுவரை வண்டி அழைப்பை ஏற்க முடியாது. 'வண்டி ஏன் நிற்கிறது' என்று மேலிருந்து கேட்பார்கள். வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் தாமதமாகும். இத்தனையையும் 'சரி' என்ற ஒரு சொல் தவிர்த்துவிடுகிறது. எங்கே உண்மையான எண்ணை எழுதியவர் திட்டு வாங்குகிறாரோ அங்கே எல்லாச் சிலிண்டரும் புத்தகத்தில் நிரம்பியே இருக்கும்.

அதனால் படிவத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: என்ன செய்தோம், எத்தனை மணிக்கு. '40, மாற்ற வேண்டும், கட்டுப்பாட்டு அறைக்கு 8.10-க்குச் சொன்னோம்' என்று எழுதிவிட்டால் இறங்குபவரின் கடமை முடிந்தது. பொறுப்பு இப்போது எண்ணோடு மேலே போகிறது. இரண்டு கையெழுத்து எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். இறங்குபவர் தான் விட்டுச்செல்லும் எண்ணுக்குக் கையெழுத்திடுகிறார், ஏறுபவர் தான் கண்ட எண்ணுக்கு. இரண்டு பேரும் சிலிண்டருக்கு முன்னால் நின்றால்தான் இது நடக்கும்.

"அக்கா, பெரிய சிலிண்டர் நாப்பதுல நிக்குது. நைட்டு ஒரு ஆஸ்துமா கேஸு, கீழ வரைக்கும் கொண்டுபோனோம்."

"நாப்பதா? வால்வைத் திறந்துதான பாத்தீங்க?"

"திறந்து ஓடவிட்டே பாத்தேன். நீங்களும் ஒருக்கா பாத்துருங்க."

இந்த மூன்று வரிகளில் படிவம் கேட்காத ஒரு செய்தியும் கைமாறிவிட்டது: ஏன் இறங்கியது என்ற காரணம். கசிவில்லை, நோயாளிக்குக் கொடுத்தது. வருபவர் இனி சோப்பு நீரோடு அலைய வேண்டாம்.

எல்லா நாளும் இப்படி நிதானமாக அமையாது. எட்டு மணிக்கு மாற வேண்டிய வண்டி நோயாளியோடு எங்கோ வழியில் இருக்கும். 8.40-க்கு வந்து நிற்கும், இறங்குபவர் கதவைத் திறக்கும் முன்பே அடுத்த அழைப்பு வரும். அப்போது முழுப் படிவத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று யாரும் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. அந்த ஒரு நிமிடத்தில் மூன்றைப் பார்க்கலாம்: பெரிய சிலிண்டரின் வால்வைத் திறந்து ஓடவிட்டு முள்; அம்பு பேக்கை ஒரு அமுக்கு; சக்‌ஷனை ஒரு உறிஞ்சு. மூன்றும் மூச்சோடு சம்பந்தப்பட்டவை. இவை இல்லாவிட்டால் வழியில் வேறொன்றை வைத்துச் சமாளிக்க முடியாது. கட்டுக்கட்டும் துணி குறைந்தால் சமாளிக்கலாம்.

படிவத்தில் அதை அப்படியே எழுத வேண்டும்: 8.41, முள் 70, மூன்று மட்டும் பார்த்தோம், அழைப்பில் கிளம்பினோம், மீதி திரும்பி வந்தபின். திரும்பி வந்ததும் மீதியைப் பார்த்து, பார்த்த நேரத்தைப் போட்டு, மறுபடி கையெழுத்திட வேண்டும். 8.00 என்று எழுதி எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட சுத்தமான பக்கத்தைவிட இந்த அடித்தல் திருத்தல் நிறைந்த பக்கத்தை மேற்பார்வையாளர் நம்பலாம்.